அம்முவோட அரங்கேற்றத்துக்கு ஒரு லெட்டர்: மூணு தடவை கிழிச்சு நாலாவதா எழுதினது

போன மாசம் அம்முவோட பரதநாட்டிய அரங்கேற்றம் முடிஞ்சுது. சொந்தம்னு பாத்தா எனக்கு ஒண்ணும் கிடையாது, அவங்க அம்மா என் ஃப்ரெண்டு, என்னை அக்கான்னு கூப்பிடுவா, அந்தக் கணக்குல அம்முவுக்கு நான் பெரியம்மா. வயசு 15. ஏழு வயசுல தட்டடவுல ஆரம்பிச்சு எட்டு வருஷம். அரங்கேற்றத்துக்கு என்ன கிஃப்ட் குடுக்கலாம்னு கேட்டதுக்கு அவங்க அம்மா "அக்கா, கிஃப்ட்லாம் வேணாம், நீங்க நல்லா எழுதுவீங்க இல்ல, அவளுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, வெச்சுப்பா"ன்னுட்டா. ஒரு பக்கம்தானே, அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாள்ல என்ன என்ன எழுதினேன், எதை எதை ஏன் தூக்கினேன்னு இங்க போட்டு வைக்கறேன், இதே மாதிரி யார் வீட்டுப் பொண்ணுக்காவது எழுத உக்காந்து முழிக்கிறவங்களுக்கு உதவும்.

ஒரே ஒரு நல்ல காரியம் முன்கூட்டியே பண்ணியிருந்தேன். அன்னிக்கு இன்விடேஷனையும் ஒரு பென்சிலையும் கையில வெச்சுட்டு உக்காந்தேன். ஒவ்வொரு உருப்படி முடிஞ்சதும் கைதட்டுற நேரத்துல இன்விடேஷன் பின்னாடி ஒரு வரி, அவ்வளவுதான். இருட்டுல எழுதினதால வரி மேல வரி ஏறி கோழி கிளறின மாதிரி இருந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து படிக்க முடிஞ்சுது. ரெண்டரை மணி நேரம் கச்சேரி, புஷ்பாஞ்சலில ஆரம்பிச்சு அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், அப்புறம் இடைவேளை, பதம், கீர்த்தனம், தில்லானா, மங்களம்னு வரிசையா பாத்துட்டு வெளிய வந்தா மனசுல எல்லாம் கலந்து "நல்லா இருந்துச்சு"ங்கற ஒரே குழம்பா ஆயிடும். எதை எங்க பாத்தோம்னு மறந்துடும். ஃபோன்ல எழுதலாம்தான், ஆனா நாலாவது வரிசையில வெளிச்சம் அடிச்சா மேடையிலேர்ந்து தெரியும், ஆடுற புள்ளைக்கு தொந்தரவு, அதனால பென்சில்தான்.

என் பேப்பர்ல இருந்ததுல சில வரி இப்படி: "அலாரிப்பு - பயம் இல்ல, கண்ணு நேரா". "வர்ணம் - திரிகால ஜதி - மணி!! - பூ??". "வர்ணம் 2ம் பாதி - விசிறி". "பதம் - முன் சீட் பாட்டி திரும்பினாங்க". இதுல ரெண்டு வரிதான் கடைசில லெட்டர் ஆச்சு. அது எதுன்னு கண்டுபிடிக்கத்தான் நாலு நாள்.

முதல் டிராஃப்ட் அன்னிக்கு ராத்திரியே. கார்ல வரும்போதே வாட்ஸ்அப்ல டைப் பண்ண ஆரம்பிச்சேன், "அம்முக்குட்டி கலக்கிட்ட போ! மேடையில தேவதை மாதிரி இருந்த! எங்க எல்லாருக்கும் பெருமை!"ன்னு. அனுப்பறதுக்கு முன்னாடி குரூப்பைத் திறந்தா அதே தேவதை ஏற்கனவே ஏழெட்டு பேர் மெசேஜ்ல பறந்துட்டு இருக்கு. அழிச்சுட்டேன். அப்போ ஒரு டெஸ்ட் தோணுச்சு. பேரை மட்டும் மறைச்சுட்டு படிச்சுப் பாருங்க, இதையே எதிர்வீட்டுப் பையன் கராத்தே பெல்ட் வாங்கினதுக்கும் அனுப்பலாம்னா அது லெட்டர் இல்ல, ஸ்டாம்ப். என் மெசேஜ்ல "மேடை"ங்கற ஒரு வார்த்தையைத் தவிர டான்ஸைப் பத்தி ஒண்ணுமே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. "தேவதை மாதிரி இருந்த"ங்கறது மேக்கப்பைப் பத்தின பாராட்டு. 15 வயசுப் பொண்ணு, எட்டு வருஷம் முட்டியை ரெண்டு பக்கமும் மடக்கி தொடை நடுங்க அரைமண்டியில பாதி உக்காந்து கத்துக்கிட்டு வந்து ஆடியிருக்கா, அவகிட்ட போய் நகை அழகு, புடவை கலர் அழகு, ஒல்லியா இருந்த, லட்சணமா இருந்தன்னு சொன்னா அவ ஆடினதை நாம பாக்கவே இல்லன்னு அர்த்தம். உடம்பைப் பத்தி நல்லதாக்கூட ஒரு வார்த்தை வேணாம்னு முடிவு பண்ணேன், அந்த வயசுல அது எப்படி உள்ள போய் உக்காரும்னு நமக்குத் தெரியாதா என்ன.

ரெண்டாவது டிராஃப்ட் மறுநாள். இது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்தது, அதுதான் பிரச்சனை. இலக்கியமா ஆரம்பிச்சேன். அரங்கேற்றம்னாலே நமக்கு மாதவிதானே, சிலப்பதிகாரத்துல அரங்கேற்று காதைன்னு ஒரு காதையே இருக்கு, மேடை ஏழு கோல் அகலம் எட்டு கோல் நீளம் ஒரு கோல் உயரம்னு அளவு வரைக்கும் இளங்கோ சொல்லியிருக்காரு. மாதவி ஏழு வருஷம் பயின்று 12 வயசுல சோழ ராஜா முன்னாடி ஆடி தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையும் வாங்கறா. நீயும் எட்டு வருஷம் கண்ணு, அவளை விட ஒரு வருஷம் கூடன்னு ஒரு பஞ்ச் வேற. ரெண்டு பக்கம் வந்துடுச்சு. பெருமையா வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம கேட்டாரு, "அந்த 1008 கழஞ்சு மாலையை அப்புறம் யாரு வாங்கினா?"

கோவலன்தான். அந்த மாலையை விலைக்கு வாங்கித்தான் மாதவி வீட்டுக்கே போறான், அப்புறம் கதை எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு பெரியம்மா வாழ்த்து எழுதறேன்னு உக்காந்து இதையா ஆரம்பிச்சு வைப்பேன். கிழிச்சாச்சு.

கிழிச்சப்புறம் யோசிச்சுப் பாத்தா கோவலன் மட்டும் இல்ல காரணம். அந்த ரெண்டு பக்கத்துல அம்மு ஆடினது மூணே வரி. மிச்சம் பூரா எனக்கு சிலப்பதிகாரம் தெரியும்னு காட்டினது. பெரிய பேர்களோட ஒப்பிடறதுல இந்த வம்பு எப்பவும் இருக்கு, "நீதான் அடுத்த இன்னார்"னு எழுதினா அந்தப் புள்ளைக்கு தோள்ல ஒரு மூட்டையை ஏத்தி விடற மாதிரி. அதே கிளாஸ்ல போன வருஷம் ஆடின பொண்ணோட ஒப்பிடறது அதை விட மோசம், ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ், லெட்டர் கை மாறும்.

மூணாவது டிராஃப்ட்தான் உண்மையிலேயே தப்பாப் போயிருக்கும். இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

நானும் சின்ன வயசுல ஆறு வருஷம் பரதம் கத்துக்கிட்டேன். அரங்கேற்றம் வரைக்கும் போகல, வர்ணம் பாதியில நின்னுது. அதனால எனக்கு ஆட வராட்டியும் பாக்க வரும். தேவதை வேணாம், மாதவி வேணாம், ஒழுங்கா கவனிச்சுப் பாத்ததை எழுதுவோம்னு ஆரம்பிச்சேன். குறிப்புல "விசிறி"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது என்னன்னா, டிரெஸ்ஸுக்கு முன்னாடி மடிப்பு வெச்சு தைச்சிருப்பாங்க இல்ல, அரைமண்டியில முழுசா உக்காந்தா அது விசிறி மாதிரி முழு வட்டமா விரியும், தொடை சோர்ந்து போய் இடுப்பு மேல ஏற ஏற விசிறி பாதிதான் விரியும். வேற எதையும் பாக்க வேணாம், அதைப் பாத்தாலே தெரிஞ்சுடும். அம்முவுக்கு ஜதிஸ்வரம் வரைக்கும் விசிறி முழுசா இருந்துச்சு, வர்ணத்துல ரெண்டாம் பாதியில சுருங்க ஆரம்பிச்சுது. 35 நிமிஷம் ஓடற உருப்படி, அதுவும் பின்பாதியில சரணம் வேகமாப் போகும், சுவரத்துக்கு மேல சுவரம் வந்துட்டே இருக்கும், முதல் தடவை முழுக் கச்சேரி ஆடறவங்க யாருக்கும் ஆகக்கூடியதுதான்.

அதை எழுதினேன். முன்னாடி ரெண்டு பாராட்டு பின்னாடி ரெண்டு பாராட்டு நடுவுல "அரைமண்டியை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கோ கண்ணு". படிச்சுப் பாத்தா அந்த நாலு பாராட்டும் இந்த ஒரு வரியைத் தூக்கிட்டு வர்ற பல்லக்கு மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு எதை ஞாபகம் வெச்சுப்பான்னு சொல்லவே வேணாம். அதுவும் இல்லாம இதைச் சொல்ல அவளோட மிஸ் இருக்காங்க, வீடியோ வந்ததும் ஒவ்வொரு இடமா நிறுத்தி நிறுத்தி சொல்லுவாங்க, அது அவங்க வேலை, அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. நான் பெரியம்மா.

சரி அப்போ மாத்தி, "கடைசி வரைக்கும் அரைமண்டி குறையவே இல்ல"ன்னு எழுதிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கூடாது. அது பொய்னு அவளுக்குத் தெரியும், அவ தொடைக்குத் தெரியும். ஒரு வரி பொய்னு தெரிஞ்சா மத்த வரி எல்லாத்தையும் அதே மாதிரிதான் படிப்பா. ஆக அரைமண்டியைப் பத்தி ஒரு வார்த்தையும் எழுதல, நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல.

இதை விட நுணுக்கமான ஒரு விஷயம் இருந்துச்சு. வர்ணத்துல சரண சுவரத்துல ஒரு இடத்துல அவளுக்கு அடவுக் கோர்வை தொடக்கம் விட்டுப்போச்சு. ரெண்டு தட்டு இடுப்புல கை வெச்சு அப்படியே நின்னா, நட்டுவாங்கத்துல உக்காந்து தாளம் தட்டிட்டு இருந்த மிஸ் ஜதிச் சொல்லை கொஞ்சம் அழுத்திச் சொன்னாங்க, பிடிச்சுக்கிட்டா. பாதிப் பேருக்கு அது போஸ்னுதான் தோணியிருக்கும். நான் நல்ல மனசோட "அந்த இடம் யாருக்கும் தெரியல, கவலைப்படாத"ன்னு எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் அவங்க அம்மாகிட்ட ஃபோன்ல பேசும்போது சும்மா கேட்டேன், வீட்டுக்கு வரும்போது என்ன பேசிட்டு வந்தான்னு. "அத ஏன் கேக்கறீங்க அக்கா, சரணத்துல விட்டுட்டேன் விட்டுட்டேன்னு கார்ல ஒரே அழுகை"ன்னா. பக்குனு ஆயிடுச்சு. "யாருக்கும் தெரியல"ன்னு நான் எழுதினா அதோட அர்த்தம் எனக்குத் தெரிஞ்சுதுங்கறதுதானே! ஆறுதல் சொல்றேன்னு அவ மறக்க நினைக்கறதை பேனாவால அடிக்கோடு போட்டுக் குடுத்திருப்பேன். அதுவும் தூக்கியாச்சு. எழுதறதுக்கு முன்னாடி வீட்ல யார்கிட்டயாவது இப்படி ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க, புள்ளை எதை நினைச்சு வருத்தப்படுதுன்னு தெரிஞ்சா அந்தப் பக்கமே போகாம எழுதலாம்.

அந்த டிராஃப்ட்ல கடைசிப் பாராவைப் பத்தி சொல்லவே கூச்சமா இருக்கு. "நான் பாதியில விட்டுட்டேன், நீ விட்டுடாத, பத்தாவது பப்ளிக் எக்ஸாம் வருதுன்னு டான்ஸை நிறுத்திடாத"ன்னு அரைப் பக்கம். எழுதும்போது கண்ணு கலங்குச்சு எனக்கு. அடுத்த நாள் காலையில படிச்சா அந்த அரைப் பக்கத்துல அம்முவே இல்ல, 30 வருஷத்துக்கு முன்னாடி நின்னுபோன வர்ணத்துக்கு நான் அழுதுட்டு இருக்கேன். அவ தொடரணுமா வேணாமாங்கறது அவ, அவங்க அம்மா அப்பா, மிஸ் பேசிக்க வேண்டியது. மேடையை விட்டு இறங்கி சலங்கை தடம் கூட கால்ல மறையாத புள்ளைகிட்ட அடுத்து என்னன்னு கேக்கறது அநியாயம். மூணாவதும் போச்சு.

இதுக்கு நடுவுல அவங்க வீட்டுக்கு வந்த மத்த கார்டெல்லாம் அவங்க அம்மா எனக்கு படம் எடுத்து அனுப்பினா. ஒருத்தர் ஜதிஸ்வரத்துல பாட்டோட அர்த்தத்தை உணர்ந்து ஆடினன்னு எழுதியிருந்தாரு. ஜதிஸ்வரத்துல வார்த்தையே கிடையாது, சுவரமும் அடவும் மட்டும்தான். அம்மு விழுந்து விழுந்து சிரிச்சாளாம். பாவம் அவர் நல்லதுக்குத்தான் எழுதினாரு. தெரியாதுன்னா உருப்படி பேரை இன்விடேஷனைப் பாத்து அப்படியே எழுதுங்க, ராகம் தாளம் எல்லாம் அதுல அச்சடிச்சே இருக்கும். இல்லன்னா பேரே வேணாம், "இடைவேளைக்கு அப்புறம் வந்த முதல் டான்ஸ்ல"ன்னாலே அவளுக்குப் புரியும். நீங்க எதைப் பாத்தீங்கன்னு சொல்றதுக்கு டான்ஸ் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

இப்ப நாலாவது. குறிப்புப் பேப்பரைத் திரும்ப எடுத்து வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிட்டேன், இதுல எது அவளுக்கே தெரிய வாய்ப்பில்லாதது, இல்ல வேற யாரும் பாக்காதது? அப்படிப் பாத்தா ரெண்டே வரி மிஞ்சிச்சு. மணி. பாட்டி.

மணி கதை இது. வர்ணம் நாட்டக்குறிஞ்சியில, சிவன் மேல. ஆரம்பத்துல திரிகால ஜதி வரும், ஒரே ஜதியை மூணு வேகத்துல ஆடணும். மூணாங்காலம் ஓடும்போது வலது சலங்கையிலேர்ந்து ஒரு மணி தெறிச்சு உருண்டு மேடையோட முன்பக்கம் வந்து நின்னுடுச்சு. வெளிச்சத்துல பளபளன்னு தெரியுது. வெறுங்கால்ல ஆடறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, குதிகாலை ஓங்கித் தட்டற அடவு ஒண்ணு அது மேல விழுந்தா கால் போச்சு, அதை விட பயம் வழுக்கறது. எனக்கு ஜதி காதுலயே விழல, மணியையே பாத்துட்டு இருந்தேன். அவ ஜதியோட முடிவுல வர்ற தீர்மானத்தை முடிச்சு, பின்னாடி நடந்து போய், சாகித்யத்துக்கு அபிநயம் ஆரம்பிச்சா. ரெண்டு மூணு தடவை அந்த வரி வந்தப்புறம், வரியை விரிச்சு நடிக்கற சஞ்சாரியில பூ பறிக்கிற இடம். ஒரு பூ, ரெண்டு பூ, மூணு பூ, நாலாவது பூவுக்கு அப்படியே மண்டி போட்டு உக்காந்து மணியைப் பறிச்சா. பறிச்சு, கூடையில போட்டு, எல்லாத்தையும் எடுத்துட்டு மேடை ஓரத்துல வெச்சிருந்த நடராஜர்கிட்ட போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தா. நான் பாத்தது நிஜமான்னு எனக்கே சந்தேகம். அதான் பேப்பர்ல "பூ??"ன்னு ரெண்டு கேள்விக்குறி. எல்லாம் முடிஞ்சு கூட்டம் ஃபோட்டோவுக்கு நின்னப்போ நான் நடராஜரைக் கும்புடற சாக்குல போய்ப் பாத்தேன். காலடியில மல்லிப்பூவுக்கு நடுவுல பித்தளை மணி.

இதுவும் ஒரு கோளாறுதானே, இதை மட்டும் எழுதலாமான்னு யோசிச்சேன். கோர்வை விட்டது அவளுக்கு நடந்தது, மணி தெறிச்சது அவ சமாளிச்சது. முதல்ல சொன்னதை ஞாபகப்படுத்தினா வலிக்கும், ரெண்டாவதை ஞாபகப்படுத்தினா சிரிப்பா. இந்த வித்தியாசம் போதும் எனக்கு.

பாட்டி கதை லெட்டர்லயே இருக்கு. எழுதினது இதுதான், கையால, ஒரு பக்கம், பேசற தமிழ்லயே. எழுத்துத் தமிழ்ல "தங்களின்"னு ஆரம்பிச்சா யாரோ தலைமை விருந்தினர் பேசற மாதிரி ஆயிடுது.

"அம்மு கண்ணு,

ஞாயித்துக்கிழமை நான் நாலாவது வரிசையில உக்காந்திருந்தேன். ரெண்டு விஷயம் பாத்தேன், அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

வர்ணத்துல திரிகால ஜதி முடியறப்போ உன் சலங்கையிலேர்ந்து ஒரு மணி தெறிச்சு முன்னாடி உருண்டு வந்துச்சு. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு நீ பூ பறிச்ச. நாலாவது பூ அந்த மணி. அதைக் கொண்டு போய் நடராஜர் காலடியில போட்டுட்டு வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்த வரி ஆடின. கச்சேரி முடிஞ்சதும் நான் போய்ப் பாத்தேன், மல்லிப்பூ நடுவுல இருந்துச்சு.

இடைவேளைக்கு அப்புறம் கண்ணனைக் கூப்பிடற பதம். கூப்பிட்டு கூப்பிட்டுப் பாத்துட்டு ஒரு இடத்துல நீ கையைக் கீழ விட்டுட்டு சும்மா ஒரு பக்கம் பாத்துட்டு நின்ன. எனக்கு முன் சீட்ல ஒரு பாட்டி, எனக்கு யாருன்னு தெரியாது, நீ பாத்த பக்கம் திரும்பிப் பாத்தாங்க. குழந்தை வருதான்னு. அங்க மூடின கதவு ஒண்ணுதான் இருந்துச்சு. அவங்க திரும்பறதைப் பாத்து நானும் திரும்பினேன். கதவுன்னு தெரிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் பாத்துட்டுதான் இருந்தேன்.

அந்த மணி இந்தக் கவர்ல இருக்கு. தைக்க வேணும்னா தைச்சுக்கோ, இல்லன்னா வெச்சுக்கோ.

பெரியம்மா"

ஆமா, மணியை நான் எடுத்துட்டு வந்துட்டேன். திருட்டுதான். அன்னிக்கு ஆள் வந்து பூவெல்லாம் கூட்டிட்டுப் போயிடுவாங்களேன்னு எடுத்து பர்ஸ்ல போட்டது.

லெட்டர்ல "சூப்பர்" இல்ல, "பெருமை" இல்ல, "வாழ்த்துக்கள்" கூட இல்ல. கடைசி வரைக்கும் கை அரிச்சுது, ஒரு "மேலும் மேலும் வளர"வாவது போட்டு முடிக்கலாமான்னு. போடல. எவ்வளவு செலவு, உங்க அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டாங்கங்கறதும் இல்ல, அந்தக் கடனை அவகிட்ட ஞாபகப்படுத்த நான் யாரு. மிஸ்ஸைப் பத்தியும் இதுல இல்ல. அது மரியாதைக் குறைவு ஆயிடுமோன்னு உறுத்துச்சு, அதனால அவங்களுக்குத் தனியா நாலு வரி எழுதி அனுப்பினேன், சரணத்துல அந்தச் சொல்லை அழுத்திச் சொல்லி பிள்ளையைத் தூக்கிவிட்டதுக்கு நன்றின்னு. அங்க அதைச் சொல்லலாம், அவங்க புரிஞ்சுப்பாங்க. ஒருவேளை அம்மு லெட்டர்லயே எல்லாத்தையும் சேத்திருந்தா அம்மு லெட்டர் மிஸ் லெட்டரா ஆயிருக்கும்.

குடுத்தது நாலாவது நாள் சாயங்காலம். இது தானா அமைஞ்சதுதான், ஆனா நல்லதாப் போச்சு. மேடைக்குக் கீழயே குடுத்திருந்தா பொக்கேயோட பொக்கேயா கார் டிக்கியில போயிருக்கும், அன்னிக்கு அவளுக்கு படிக்கவும் தெம்பு இருந்திருக்காது. மறுநாள் பூரா தூக்கமும் கால் வலியும்தானாம். மூணாவது நாளோட ஃபோனும் மெசேஜும் அடங்கிடுச்சு, நாலாவது நாள் நான் போனப்போ யூனிஃபார்மோட சோபாவுல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தா, எல்லாம் முடிஞ்சுபோன மாதிரி ஒரு மூஞ்சி. அந்த நேரத்துக்குத்தான் லெட்டர் சரியா இருந்துச்சு.

ஒரு தப்பு மட்டும் பண்ணிட்டேன், எழுதும்போது தோணவே இல்ல. அவ கவரைப் பிரிச்சு மணியை உள்ளங்கையில கொட்டிக்கிட்டா, லெட்டரைப் படிச்சா, அவங்க அம்மா எட்டிப் பாக்க "இரும்மா"ன்னு தள்ளி வெச்சுட்டு திரும்ப ஒரு தடவை படிச்சா. மணியைப் பத்தி ஒண்ணும் கேக்கல. "பெரியம்மா, அந்தப் பாட்டி எந்தப் பக்கம் திரும்பினாங்க?"ன்னா.

ஹால்ல ரெண்டு பக்கமும் கதவு இருக்கு. நான் எழுதவே இல்ல.

"எனக்கு வலது பக்கம்"னேன்.

மனசுக்குள்ள திருப்பிப் போட்டுப் பாத்தா. "அப்போ எனக்கு லெஃப்ட்டு. ஹாங், கரெக்ட்டு, அவனை அங்கதான் நிக்க வெச்சிருந்தேன்"ன்னுட்டு ஹோம்வொர்க் நோட்டைத் திறந்தா.